ஞாயிற்றுக்கிழமை நோட்டுகளும் திங்கட்கிழமை வேலையும்

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 34 வயது. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். சனி, ஞாயிறுகளில் தாள்களைக் கையால் தைத்து, அட்டை கட்டி, நோட்டுப் புத்தகங்கள் செய்கிறேன். ஒரு நோட்டுக்கு 2 மணி நேரம் ஆகிறது. வாரம் 6 விற்றுவிடுகின்றன. பெரும்பாலும் தெரிந்தவர்களே வாங்குகிறார்கள். செலவு போக ஒரு நோட்டில் மிஞ்சுவது என் ஒரு மணி நேரச் சம்பளத்துக்குச் சமம். ஞாயிறு மாலை ஆனாலே நெஞ்சு கனத்துவிடுகிறது. வேலையை எப்போது விடலாம் என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த 2 மணி நேரத்தைச் சரிபார்த்துவிடுவோம். தாளை மடிப்பது, குத்தூசியால் துளையிடுவது, மெழுகு தடவிய நூலால் தைப்பது, பசையிட்டுப் பளு வைப்பது ஆகியவை மட்டுமே அதில் அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். தாள் வாங்கப் போய்வருவது, படம் எடுப்பது, விசாரிப்பவர்களுக்குப் பதில் எழுதுவது, பொட்டலம் கட்டி அனுப்புவது ஆகியவற்றையும் ஒரு மாதம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வாருங்கள். அவை நோட்டுக்கு 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், வாரம் 6 நோட்டுக்கு 16 மணி நேரம் ஆகிறது. அதாவது, உங்கள் இரண்டு விடுமுறை நாட்களும் முழு வேலை நாட்களாகிவிட்டன. ஞாயிறு மாலையின் கனத்துக்கு அலுவலகத்தின் மீதான வெறுப்பு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன், ஏழு நாளும் ஓய்வின்றி உழைத்த களைப்பும் அதில் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த மூன்று வாரங்களுக்கு ஞாயிறன்று ஊசியைத் தொடாமல் இருங்கள். கனம் குறைந்தால் உங்களுக்கு முதலில் தேவைப்படுவது ஓய்வு; சிறிதும் குறையாவிட்டால், அலுவலகத்தில் உங்களை வருத்துவது எது என்பதைத் தனியாகப் பேச வேண்டும். ஏனென்றால், ஓரிடத்திலிருந்து தப்பிக்க நினைக்கும் மனம் போகுமிடத்தின் கணக்கைச் சரியாகப் போடாது.

இதே வேகத்தில் வாரம் 40 மணி நேரம் உழைத்தால் 15 நோட்டுகள் முடியும்; கிடைப்பதோ 15 மணி நேரச் சம்பளம். அதை வைத்துக்கொண்டு வேலையை விட இயலாது. ஆனால் இந்தக் கணக்கை மாற்ற வழி இருக்கிறது. துளைகளுக்கு ஓர் அளவு அட்டை செய்துகொண்டு, எட்டு நோட்டுகளுக்கான தாள்களை ஒரே அமர்வில் மடித்துத் துளையிட்டு, மறுநாள் ஒன்றாகப் பசையிட்டால், மொத்த நேரம் நோட்டுக்கு 100 நிமிடமாகக் குறையக்கூடும். விலையையும் உயர்த்தி, ஒரு நோட்டில் மிஞ்சுவதை ஒன்றரை மணி நேரச் சம்பளமாக ஆக்கினால், வாரம் 24 நோட்டுகளில் 36 மணி நேரச் சம்பளம் கிடைக்கும். உயர்த்திய விலைக்கு வாங்குகிறார்களா என்பதே உண்மையான சோதனை. அன்பினால் வாங்கும் தோழியையும் சக ஊழியரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்பின் அறியாதவர்கள் வாங்குவதையும், அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வருகிறார்கள் என்பதையும் மட்டும் எண்ணுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுவே எனக்கு அதிகம் கவலை தருவது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் உளவியலாளர்கள், படம் வரைவதில் ஆர்வமுள்ள சிறு குழந்தைகளிடம், வரைந்தால் பரிசு தருவதாக முன்பே சொல்லி வரையச் செய்தார்கள். சில நாட்கள் கழித்து அக்குழந்தைகள் தாமாக வரைந்த நேரம், பரிசு பெறாத குழந்தைகள் வரைந்ததில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. குழந்தைகளின் ஆய்வை அப்படியே பெரியவர்களின் தொழிலுக்குப் பொருத்திவிட முடியாது. ஆயினும், பிடித்த ஒன்றைக் காசுக்காகச் செய்யத் தொடங்கும்போது அதன் சுவை மாறக்கூடும் என்பதை நீங்களே முன்கூட்டிச் சோதித்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்து, ஒரே நிறம், ஒரே அளவு கொண்ட 20 நோட்டுகளைத் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து செய்து பாருங்கள். வியாழக்கிழமை மாலை கட்டைவிரல் எப்படி வலிக்கிறது, பதினைந்தாவது நோட்டின் தையலை முதல் நோட்டைப் போலவே இழுத்துச் சீராக்கத் தோன்றுகிறதா, இல்லை, முடிந்தால் போதும் என்றிருக்கிறதா என்று அன்றன்றே எழுதி வையுங்கள்.

தொடர்ந்து ஆறு மாதங்கள், அறியாதவர்களிடமிருந்து மட்டும் வாரம் 10 நோட்டுகளுக்குக் குறையாமல் உயர்த்திய விலையில் ஆர்டர் வந்து, ஆறு மாத வீட்டுச் செலவு தாள் வாங்கும் பணத்தோடு கலக்காமல் தனியே சேர்ந்த பிறகு, வேலை நேரத்தைக் குறைத்துத் தருமாறு அலுவலகத்தில் கேளுங்கள். கேட்கும் முன், வெளியே தொழில் செய்ய உங்கள் பணி ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று படித்துவிடுங்கள். நேரத்தைக் குறைக்க அவர்கள் மறுத்தால், 10 என்பது 18 ஆகும் வரை வேலையில் இருங்கள் என்பேன். பரிசு வாங்கும் பருவத்தில் வரும் ஆர்டர்களை இந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். அந்த ஒரு வார விடுப்பு முடிந்ததும், எழுதி வைத்த குறிப்புகளுடன் மீண்டும் எழுதுங்கள்.