மாதக் கடைசியில் மட்டும் ஏன்?

கோவையில் பி.ஜி.யில் தங்கிப் படிக்கிறேன். ஒன்றாம் தேதி அப்பா 9,000 அனுப்புவார். பி.ஜி.க்கு 6,500 போக மீதி 2,500. மாதக் கடைசியில் ரீசார்ஜுக்குக்கூட கைமாற்று வாங்குகிறேன். எங்கே ஓட்டை?

ரீசார்ஜிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. நீங்கள் போடுவது 28 நாள் பிளானாக இருக்கும். ஜனவரி 1 அன்று போட்டால் அடுத்தது ஜனவரி 29, அப்புறம் பிப்ரவரி 26, மார்ச் 26, ஏப்ரல் 23. அப்பாவின் பணம் ஒன்றாம் தேதியில் நிற்க, ரீசார்ஜ் மட்டும் பின்னால் நகர்ந்து நகர்ந்து, பர்ஸ் காலியாக இருக்கும் வாரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வருடத்துக்கு 12 மாதம், ரீசார்ஜ் 13. இந்தக் கணக்கைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கு வழி இருக்கிறது. 30 நாள் பிளான் ஒன்று, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்று கட்டாயம் வைக்க வேண்டும் என்று 2022இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. செயலியில் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கமாட்டார்கள், தேடுங்கள். பேச்சுக்கு, 28 நாள் பிளான் 299, ஒரு மாத பிளான் 319 என்று வையுங்கள். பார்த்தால் 20 ரூபாய் கூடுதல். வருடக் கணக்கு போட்டால் முதலாவது 3,887, இரண்டாவது 3,828. ஒன்றாம் தேதியே போட்டுவிடுங்கள்.

அதே நாளில் பஸ் செலவு 500 என்றால் அதையும் தனியே எடுத்துவையுங்கள். சுமார் 1,700 மிஞ்சும். அதை யுபிஐ இணைக்காத கணக்கில் போட்டு, திங்கள்தோறும் 400 மட்டும், ஐந்து திங்கள் வரும் மாதமென்றால் 330 மட்டும், செலவுக் கணக்குக்கு மாற்றுங்கள். மொத்தப் பணமும் ஸ்கேன் செய்கிற கணக்கிலேயே கிடந்தால் டீக்கடையில் கை நிற்காது.

ரயில் நிலைய வாசலில் 400 ரூபாய்க்கு பவர் பேங்க் வாங்கினேன். இரண்டே நாளில் போய்விட்டது. பில் இல்லை. என்ன செய்யலாம்?

ஒன்றும் செய்ய முடியாது. பவர் பேங்குக்கு, பொருட்களின் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம், பின்பக்கம் R- என்று தொடங்கும் எண் இருக்கும். அதையும் பார்க்கவில்லை, பில்லும் கேட்கவில்லை. (இப்படி ஒன்று என் மேஜை இழுப்பறையிலும் கிடக்கிறது.)

பி.ஜி. காலி செய்தேன். 6,500 அட்வான்ஸில் பெயிண்ட் அடிக்க என்று ஓனர் 3,000 பிடித்துக்கொண்டார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

தயங்காமல் சொல்லுங்கள் தம்பி, உங்கள் மேல் தப்பில்லை. பிடித்தம் பற்றி ஒப்பந்தத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பெயிண்ட் பில்லைக் காட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள், வாய்ப்பேச்சு உதவாது. அட்வான்ஸ் கட்டிய யுபிஐ ரசீதும், அறையைக் காலி செய்த அன்று எடுத்த படங்களும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்குப் புகார் கட்டணமே கிடையாது.