நெஞ்சு எக்ஸ்ரேயில் வெள்ளையைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி: இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். வைவாவில் நெஞ்சு எக்ஸ்ரே கொடுத்தால் கண்ணில் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதி தப்பாகிறது. பரீட்சையில் வரிசையாகப் பார்க்க ஒரு செக்லிஸ்ட் தர முடியுமா?

என்னுடைய இறுதித் தேர்வில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். வியூ பாக்ஸில் ஒரு படம். வலது பக்க நெஞ்சு மேலிருந்து கீழ்வரை முழு வெள்ளை, இடது பக்கம் கறுப்பு. "ரைட் சைடு மாசிவ் ப்ளூரல் எஃப்யூஷன் சார்" என்று உடனே சொல்லிவிட்டேன். தேர்வாளர், "ட்ரக்கியா எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அப்போதுதான் அதைப் பார்த்தேன். "நடுவில் சார்." "இவ்வளவு தண்ணீர் இருந்தால் அது நடுவில் நிற்குமா?" எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இன்றுவரை நான் எக்ஸ்ரே பார்க்கும் வரிசையே அமைந்திருக்கிறது. அதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயர், வயது, தேதி, பக்கக் குறி. படத்தில் நம் இடதுகைப் பக்கம் இருப்பது நோயாளியின் வலது. ஆர் அல்லது எல் என்ற எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். படத்தைத் திருப்பி மாட்டியிருந்தாலும், இதயமே வலப்பக்கம் இருந்தாலும், அந்த ஒற்றை எழுத்துதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது, இந்தப் படத்தை நம்பலாமா என்ற கேள்வி. இதைச் சடங்காக ஒப்பித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நான்கே விஷயம்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பொய்யான நோயைக் காட்டக்கூடியது.

பி.ஏ. படமா, ஏ.பி. படமா? பி.ஏ.யில் நோயாளி நின்றுகொண்டு மார்பைப் பலகையில் அழுத்தியிருப்பார், குழாய் 6 அடி தள்ளியிருக்கும், தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு விலகியிருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு எடுக்கும் ஏ.பி.யில் இதயம் உண்மையைவிடப் பெரிதாக விழும். அதனால் ஏ.பி. படத்தைப் பார்த்து கார்டியோமெகலி என்று சொல்லக் கூடாது. இதய அகலம் நெஞ்சின் உள் அகலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்ற கணக்கு, பெரியவர்களின் பி.ஏ. படத்துக்குத்தான்.

நோயாளி திரும்பி நின்றிருக்கிறாரா? இரண்டு காரை எலும்புகளின் உள்முனைகளுக்கும் நடுவே முதுகெலும்பின் முள் சரிசமத் தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ட்ரக்கியா நகர்ந்ததுபோலத் தெரியும், ஒரு பக்க நுரையீரல் மற்றதைவிடக் கறுப்பாகவும் தெரியும். ட்ரக்கியாவைப் பற்றிப் பேசும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாரா? நெஞ்சின் முன்பக்க விலா எலும்புகளில் ஆறாவதாவது உதரவிதானத்துக்கு மேலே தெரிய வேண்டும். பாதி மூச்சில் எடுத்த படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி இரண்டும் மங்கலாகி நிமோனியா போலக் காட்டும், இதயமும் விரிந்து தெரியும். கடைசியாக, கதிர் போதுமா? இதயத்துக்குப் பின்னால் முதுகெலும்புகள் லேசாகத் தெரிந்தால் சரி.

இப்போது ட்ரக்கியா. இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். அது நடுவில், கீழே போகப்போக அயோர்ட்டாவால் ஒரு பொடி வலப்பக்கம் சாய்ந்து இருப்பது இயல்பு. இதயம் நகர்ந்திருக்கிறதா என்பதையும் கூடவே பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த வெள்ளை தள்ளுகிறதா, இழுக்கிறதா? தண்ணீர் இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் ட்ரக்கியாவை எதிர்ப்பக்கம் தள்ளும். கொலாப்ஸ் ஆன நுரையீரல் சுருங்கும், அதனால் தன் பக்கம் இழுக்கும், அந்தப் பக்க விலா எலும்புகளும் நெருங்கி வந்திருக்கும். நுரையீரலை முன்பு அறுத்து எடுத்திருந்தாலும் இதே இழுப்புதான். கன்சாலிடேஷன் பெரும்பாலும் தள்ளவும் தள்ளாது, இழுக்கவும் இழுக்காது. உள்ளே கறுப்பாகக் கிளைவிடும் மூச்சுக்குழல் கோடுகள் தெரிந்தால் அது கன்சாலிடேஷன் பக்கம் சாய்க்கும்.

சரி, என் படத்துக்கு வருவோம். காரை எலும்புகள் சமமாக இருந்தன, படம் திரும்பவில்லை. வலது பக்கம் ஒரே சீரான வெள்ளை, உள்ளே மூச்சுக்குழல் கோடு எதுவும் இல்லை. தண்ணீர் மட்டும் என்றால் ட்ரக்கியா இடப்பக்கம் போயிருக்க வேண்டும். கொலாப்ஸ் மட்டும் என்றால் வலப்பக்கம் வந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால், இரண்டும் சேர்ந்து நடக்கிறது: தண்ணீர் தள்ளுகிறது, அடியில் சுருங்கிய நுரையீரல் இழுக்கிறது. புகைபிடிக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் அவர். முக்கிய மூச்சுக்குழலை ஒரு கட்டி அடைத்து நுரையீரல் சுருங்கியிருக்கலாம், அதோடு ப்ளூராவில் பரவி நீரும் கோத்திருக்கலாம் என்பதுதான் முதலில் நினைக்க வேண்டியது. தேர்வாளர் என்னிடம் வரவழைக்கப் பார்த்தது இதைத்தான்.

இது வெறும் வைவாப் பதில் இல்லை என்பதையும் அவரே சொன்னார். வெள்ளையாகத் தெரிகிறது என்று ஊசி போட்டால், அது தண்ணீரே இல்லாத கொலாப்ஸாக இருந்தால் குத்துவது நுரையீரலையோ, இழுத்துவரப்பட்ட இதயத்தையோ. தண்ணீர் இருந்தும் நுரையீரல் விரிய முடியாத நிலை என்றால், எடுக்க எடுக்க நோயாளிக்கு மூச்சு சுலபமாகாது, நெஞ்சுவலிதான் வரும். அதனால் "அடுத்து என்ன செய்வாய்?" என்றால் அல்ட்ராசவுண்ட் பார்த்துத் தண்ணீரை உறுதி செய்வேன், பார்த்துக்கொண்டே கொஞ்சமாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவேன், சி.டி.யும் பிராங்கோஸ்கோப்பியும் கேட்பேன் என்று சொல்ல வேண்டும்.

ட்ரக்கியாவுக்குப் பிறகு ஹைலம். இடது ஹைலம் வலதைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். வலது மேலே போயிருந்தால் யாரோ அதை இழுத்திருக்கிறார்கள். நம் ஊர் வார்டுகளில் இதற்கு அடிக்கடி கிடைக்கும் காரணம், பழைய காசநோய் ஆறி வலது மேல் லோப் தழும்பாகச் சுருங்கியது. ட்ரக்கியாவும் அந்தப் பக்கம் வளைந்திருக்கும்.

அப்புறம் ஓரங்கள். இதயத்தின் இரண்டு ஓரம், உதரவிதானத்தின் இரண்டு வளைவு, இவற்றை விரலால் வரைந்துகொண்டு போவதுபோல் பாருங்கள். கறுப்பான நுரையீரல் ஒட்டியிருப்பதால்தான் அந்த ஓரம் கூர்மையாகத் தெரிகிறது. ஒட்டியிருக்கும் பகுதி நீராலோ சீழாலோ நிரம்பினால் ஓரம் அழிந்துவிடும். வலது இதய ஓரம் அழிந்தால் நடு லோப், இடது இதய ஓரம் அழிந்தால் லிங்குலா, உதரவிதானம் அழிந்தால் அந்தப் பக்கக் கீழ் லோப். வலது கீழே ஒரு வெள்ளை இருந்து, இதய ஓரம் தெளிவாக இருக்கிறது, உதரவிதானம் மட்டும் காணோம் என்றால், "லோயர் ஸோன்" என்று நிறுத்தாமல் "லோயர் லோப்" என்று தைரியமாகச் சொல்லலாம். ஓரத்தை வைத்து நிறுவ முடியாதபோது ஸோன் என்று மட்டும் சொல்லுங்கள்.

உதரவிதான மூலைகளையும் இங்கேயே முடித்துவிடலாம். நிமிர்ந்த பி.ஏ. படத்தில் பக்க மூலை மழுங்க ஏறத்தாழ 200 மில்லி தண்ணீராவது வேண்டும், எனவே மூலை கூர்மையாக இருப்பதால் தண்ணீரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தண்ணீரின் மேல்விளிம்பு பக்கவாட்டில் ஏறி வளைந்திருக்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் படுக்கையாக இருந்தால் தண்ணீரோடு காற்றும் இருக்கிறது என்று பொருள்.

இதற்குப் பிறகுதான் நுரையீரலின் கறுப்பு வெள்ளை. மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரித்து, வலதையும் இடதையும் ஒரே மட்டத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முடித்துவிட்டோம் என்று தோன்றும்போது ஐந்து இடங்கள் பாக்கி இருக்கும்: காரை எலும்புக்குப் பின்னால் உள்ள நுனி, இதயத்துக்குப் பின்னால், ஹைலம், உதரவிதானத்துக்கு அடியில், எலும்பும் தோலும் உள்ள வெளிச்சுற்று. என் படத்தில் "நல்ல" இடது நுரையீரலில், காரை எலும்புக்குப் பின்னால் ஒரு சின்ன வட்ட நிழல் இருந்தது. தேர்வாளர் பேனா நுனியால் தொட்டுக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. வெள்ளையான பக்கம் கண்ணை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

பரீட்சை அறையில் மனசுக்குள் ஓட்டிக்கொள்ள, இதோ சுருக்கம்:

- பெயர், பக்கக் குறி
- பி.ஏ./ஏ.பி., திரும்பல், மூச்சு, கதிர்
- ட்ரக்கியாவும் இதயமும்: தள்ளலா, இழுப்பா?
- ஹைலம் உயரம்
- இதய அளவு, ஓரங்கள், உதரவிதானம், மூலைகள்
- மூன்று ஸோன், இரண்டு பக்க ஒப்பீடு
- ஐந்து மறைவிடங்கள்
- அதன் பிறகே நோயின் பெயர்

வாய்விட்டுச் சொல்லும்போது எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டாம். என் படத்துக்கு இப்போது நான் இப்படிச் சொல்வேன்: "இது ஐம்பத்தைந்து வயது ஆணின் பி.ஏ. படம், திரும்பல் இல்லை. வலது நெஞ்சு முழுவதும் சீரான வெள்ளை, வலது இதய ஓரமும் உதரவிதானமும் தெரியவில்லை. இத்தனை இருந்தும் ட்ரக்கியா நடுவில் இருக்கிறது. இடது நுனியில் ஒரு சிறு வட்ட நிழல் இருக்கிறது. எஃப்யூஷனும் கொலாப்ஸும் சேர்ந்த நிலை, காரணம் புற்றுநோயாக இருக்கலாம்." ஐந்தாறு வாக்கியம், அரை நிமிடம்கூட ஆகாது.

எதுவுமே தெரியாத, நார்மல் போன்ற படம் வந்தால் அந்த ஐந்து இடங்களுக்கும் இரண்டாம் முறை போங்கள். தேர்வாளர்களுக்குப் பிடித்த ஒரு படம் உண்டு. ஒரு பெண்ணின் எக்ஸ்ரே, ஒரு பக்கம் அதிகக் கறுப்பு. நியூமோதொராக்ஸ் என்று சொல்லத் தோன்றும். ஆனால் நுரையீரலின் இரத்தக்குழாய்க் கோடுகள் விளிம்புவரை ஓடும், சுருங்கிய நுரையீரலின் ஓரக்கோடு எங்கும் இருக்காது. வெளிச்சுற்றைப் பார்த்தால் அந்தப் பக்க மார்பக நிழல் இருக்காது: மாஸ்டெக்டமி. உடனே விலா எலும்புகளையும் இரண்டு நுரையீரலையும் மறுபடி பாருங்கள், புற்றுநோய் பரவிய நிழல் ஏதும் இருக்கிறதா என்றுதான் அடுத்த கேள்வி வரும்.