கடல்நீர் அகாரில் டிஸ்க் சோதனை: ரெசிஸ்டன்ட் என்று எழுதும் முன் கன்ட்ரோல் தட்டைப் பாருங்கள்

கேள்வி: கடல் தண்ணீரிலிருந்து பிரித்த பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் டிஸ்க் டிஃப்யூஷன் செய்தோம். டெட்ராசைக்ளின் வட்டம் சின்னதாகத்தான் வந்தது. ரிப்போர்ட்டில் ரெசிஸ்டன்ட் என்று எழுதிவிடலாமா? டிஸ்கஷனில் என்ன எழுதுவது?

பதில்:

உங்கள் அகாரைக் கடல்நீரில் கரைத்தீர்களா, டிஸ்டில்டு வாட்டரிலா? முதலில் அதைச் சொல்ல வேண்டும். நான் ராமநாதபுரம் பக்கம் பிஎஸ்சி மைக்ரோபயாலஜி மூன்றாம் ஆண்டு. எங்கள் பிராக்டிகலிலும் இதே நிலைமைதான். டெட்ராசைக்ளினுக்கு 11 மி.மீ. வந்தது. அட்டவணையில் 11-ம் அதற்குக் கீழும் ரெசிஸ்டன்ட், 15-ம் அதற்கு மேலும் சென்சிட்டிவ். ஆனாலும் நான் ரெசிஸ்டன்ட் என்று எழுதவில்லை.

மண்டபத்தில் தென்கடல் பக்கம், மீன் இறக்கும் இடத்துக்கு அருகில் தண்ணீர் எடுத்தோம். வைப்ரியோக்களைப் பிரிக்கப் பயன்படும் டிசிபிஎஸ் அகாரில் பச்சை நிறத்தில் வந்த காலனி ஒன்றைப் பிரித்தோம். உப்பில்லாத நியூட்ரியன்ட் அகாரில் அது வளரவே இல்லை. வைப்ரியோக்கள் பலவற்றுக்குச் சோடியம் இல்லாமல் ஆகாது. அதனால் முல்லர் ஹின்டன் அகாரைப் பாதி வடிகட்டிய கடல்நீர், பாதி டிஸ்டில்டு வாட்டரில் தயாரித்தோம். கடலோரக் கல்லூரிகளில் கையருகே கிடைப்பது கடல்நீர்தானே. (ஆட்டோகிளேவ் செய்தபின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் பயப்பட வேண்டாம், கடல்நீரின் உப்புகள் சூட்டில் அப்படிப் பிரியும். ஆனால் ரிப்போர்ட்டில் குறித்துவிடுங்கள்.)

மற்றதெல்லாம் புத்தகப்படிதான். 90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி. ஊற்றினால் அகார் சுமார் 4 மி.மீ. தடிமன் வரும். பாக்டீரியாவை 0.85 சதவீத சலைனில் கரைத்து, கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் அளவுக்கு வந்ததும் ஸ்வாபால் மூன்று திசையில் தேய்த்தோம். பதினைந்து நிமிடத்துக்குள் டிஸ்க் வைத்து, 35 டிகிரியில் 18 மணி நேரம் இன்குபேட்டரில் விட்டோம். எங்கள் பாக்டீரியாவுக்கு ஒரு தட்டு. கன்ட்ரோலாக ஈ.கோலை ஏடிசிசி 25922-க்கு இன்னொரு தட்டு, அதே அகாரில். இந்த ‘அதே அகாரில்’ என்பதை விட்டுவிடாதீர்கள். பலர் கன்ட்ரோலைச் சாதாரண அகாரில் போட்டுவிடுகிறார்கள். எண் அழகாக வரும், ஆனால் சோதனைத் தட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மறுநாள் கன்ட்ரோல் தட்டில் குளோராம்பெனிகால் 23 மி.மீ. அந்த ஈ.கோலைக்கு இருக்க வேண்டியது 21 முதல் 27 வரை, ஆக சரி. ஆம்பிசிலின் 18, இருக்க வேண்டியது 15 முதல் 22. அதுவும் சரி. டெட்ராசைக்ளின் 14 தான், குறைந்தது 18 வந்திருக்க வேண்டும். ஜென்டாமைசின் 15, அதற்குக் குறைந்தது 19 வேண்டும். இந்த ஈ.கோலை டெட்ராசைக்ளினுக்குக் கட்டுப்படும் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம். அதன் வட்டமே சுருங்கியிருக்கும்போது எங்கள் பாக்டீரியாவின் 11 மி.மீ.யை மட்டும் எப்படி நம்புவது?

டிஸ்கஷன் எழுத வேண்டிய இடம் இதுதான். வட்டம் சுருங்கப் பொதுவாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு: அகார் தடிமன் கூடுதல், அல்லது கலங்கல் அடர்த்தி கூடுதல். வகுப்பில் பாதிப்பேர் இதையே எழுதிவிட்டுப் போனார்கள். ஆனால் இவை காரணமாக இருந்தால் தட்டிலுள்ள எல்லா வட்டங்களும் சேர்ந்து சுருங்கும். இங்கே குளோராம்பெனிகாலும் ஆம்பிசிலினும் அசையவில்லை. சுருங்கிய இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டெட்ராசைக்ளின் மக்னீசியத்தோடும் கால்சியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். பாலோடு அந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்வதும் இதனால்தான். அப்படிப் பிணைந்துவிட்டால் பாக்டீரியாவைத் தாக்க மீதி இருக்கும் மருந்து குறைவு. ஜென்டாமைசின் கதை கொஞ்சம் வேறு. அது முதலில் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் மக்னீசியமும் கால்சியமும் உட்காரும் இடத்தில் போய் ஒட்ட வேண்டும். சுற்றிலும் அவை நிறைய இருந்தால் மருந்துக்கு இடம் கிடைக்காது. குளோராம்பெனிகாலுக்கு மின்னேற்றம் இல்லை, இந்தப் போட்டியில் அது கலந்துகொள்வதே இல்லை.

அளவையும் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 1.3 கிராம் மக்னீசியம் இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் 650 மி.கிராம். மருந்துச் சோதனைக்கென்று அயனிகளைச் சரிக்கட்டிய முல்லர் ஹின்டன் திரவ ஊடகத்தில் லிட்டருக்கு 10 முதல் 12.5 மி.கிராம்தான் வைத்திருப்பார்கள். ஐம்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

இதை ஊகமாக விடாமல் சரிபார்க்க எங்கள் மேடம் ஒரு வழி சொன்னார்: “கடல்நீர வேணாம்மா, டிஸ்டில்டு வாட்டர்ல 1 சதவீதம் சோடியம் குளோரைடு மட்டும் போட்டுப் பாருங்க.” சோடியம் கிடைக்கும், மக்னீசியம் ஏறாது. அந்தத் தட்டில் எங்கள் பாக்டீரியா நன்றாக வளர்ந்தது. கன்ட்ரோலின் டெட்ராசைக்ளின் வட்டம் 20 மி.மீ.க்குத் திரும்பியது. எங்கள் பாக்டீரியாவுக்கு 18. அதே பாக்டீரியா, அதே டிஸ்க், ஆனால் அட்டவணைப்படி ரெசிஸ்டன்ட் என்பது சென்சிட்டிவ் ஆகிவிட்டது. ஜென்டாமைசின் கன்ட்ரோல் 18 வரை வந்து, எல்லைக்கு ஒரு மி.மீ. கீழே நின்றது. சாதாரண உப்பும் அந்த மருந்தை ஓரளவு மட்டுப்படுத்தும். அதனால் ஜென்டாமைசினுக்கு எதிரே ‘கன்ட்ரோல் வரம்புக்கு வெளியே, முடிவு கூறவில்லை’ என்று எழுதினேன். மார்க் குறையவில்லை.

உப்பு சேர்த்த அகாரும் அட்டவணைக்கான அகார் இல்லை. வைப்ரியோவுக்கு வகுத்த முறையில் சலைனில் கரைத்து, உப்பு சேர்க்காத முல்லர் ஹின்டனில்தான் தேய்ப்பார்கள். பல வைப்ரியோக்களுக்கு அதிலிருக்கும் சோடியமே போதும். உங்களுடையது அதில் வளர்ந்தால் கடல்நீர்ப் பேச்சே வேண்டாம். எங்களுடையது மங்கலாகப் படர்ந்ததே தவிர ஓரம் தெளியவில்லை, அளக்க முடியவில்லை. ஆகவே ‘1 சதவீத உப்பு அகாரில்’ என்ற சொற்களை முடிவு வரியிலேயே சேர்த்தேன்.

அப்புறம் ஆம்பிசிலின். எங்கள் பாக்டீரியாவுக்கு இரண்டு அகாரிலும் வட்டமே இல்லை. இதை 0 என்று எழுதாதீர்கள். டிஸ்கையும் சேர்த்துத்தான் அளக்கிறோம், ஆகவே 6 மி.மீ. கன்ட்ரோலில் அதே டிஸ்க் 18 காட்டியதால் மருந்து வீரியத்தோடுதான் இருக்கிறது, ரெசிஸ்டன்ட் என்று தைரியமாக எழுதலாம். ஆனால் உடனே ‘கழிவுநீர் கலந்ததால் எதிர்ப்புத்திறன் வந்தது’ என்று அடுத்த வரியைச் சேர்க்கத் தோன்றும், அதை எழுத வேண்டாம். வைப்ரியோக்களில் சில இயல்பாகவே ஆம்பிசிலினை உடைக்கும் நொதியை வைத்திருக்கின்றன. நாம் இனம்கூடக் கண்டுபிடிக்கவில்லை, பச்சைக் காலனி என்பதற்கு மேல் நம்மிடம் ஆதாரம் இல்லை.