மணிக்கட்டில் ஒன்றும் ஆகவில்லை என்பது போதாது

கேள்வி: பிரசவமாகி நான்கு மாதம் ஆகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கறிவேப்பிலை, செம்பருத்தி, வெந்தயம் மூன்றையும் அரைத்துத் தலையில் பூசினால் உண்மையிலேயே பலன் உண்டா? மணிக்கட்டில் கொஞ்சம் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. பூசலாம் அல்லவா?

நீங்கள் எழுதியதில் கடைசி இரண்டு வரிகள்தான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தன. நானும் மணிக்கட்டில் தடவிப் பார்த்தவள்தான். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நம்பியதால் ஒன்பதாம் நாள் இரவு முழுவதும் மூக்கில் ஆக்சிஜனோடு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தேன்.

நான் பாட்டி வைத்தியத்தின் எதிரி இல்லை. என் அம்மா காய்ச்சிக் கொடுத்த எண்ணெயில் வளர்ந்த தலை இது. இன்றும் செம்பருத்தி இலையைக் கசக்கித்தான் தலை அலசுகிறேன். "தலைமுறை தலைமுறையாகப் பூசுகிறார்களே, அவர்களுக்கெல்லாம் என்ன ஆகிவிட்டது?" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒத்துக்கொள்ளாத சிலருக்குத் தாங்கள் அந்தச் சிலரில் ஒருவர் என்பது பூசிய பிறகுதான் தெரிகிறது. நான் எழுதுவது அவர்களுக்காக.

கடுமையான காய்ச்சல் வந்து போன மூன்றாவது மாதம் எனக்கு முடி கொட்டத் தொடங்கியது. கூடவே பொடுகு. இரவில் தூக்கத்திலேயே சொறிந்து, காலையில் நகத்தில் ரத்தக்கறை பார்த்த நாட்கள் உண்டு. சிறு வயதில் எனக்கு ஆஸ்துமா இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அது முக்கியமாகிறது. உறவுக்காரப் பெண்மணி ஒருவர் மூன்றையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கொடுத்தார். மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தடவி இருபது நிமிடம் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு வாரம் தலையில் தேய்த்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. எண்ணெயைவிட அரைத்த விழுது வேகமாக வேலை செய்யும் என்று அவர் சொன்னதும், இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவு ஊறவைத்துக் காலையில் அரைத்துத் தலை முழுக்க அப்பினேன்.

பத்து நிமிடத்தில் அரிப்பு. பொடுகுக்கு மருந்து பிடிக்கிறது என்று பொறுத்துக்கொண்டேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் உச்சந்தலை மரத்துப்போனது போல இருந்தது. அலசிக்கொண்டிருக்கும்போதே இமைகள் கனத்தன, உதடு தடித்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. என் கணவர் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். வீக்கம் வடிய இரவாகிவிட்டது.

இங்கே என் மனக்குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் "ஒவ்வாமை" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எதனால், எத்தனை நிமிடத்தில், என்னென்ன அறிகுறி என்று ஒரு வரிகூட இல்லை. "வெந்தயத்தாலா? அதெல்லாம் இருக்காது, வேறு எதையாவது சாப்பிட்டிருப்பீர்கள்" என்று பணியில் இருந்த மருத்துவர் கையை வீசிவிட்டார். மருந்துப் பெயர்களையோ யாராலும் வாசிக்க முடியவில்லை. நோயாளி சொல்வதை அப்படியே எழுதி வைப்பதில் என்ன சிரமம்? அடுத்து பார்க்கப் போகும் மருத்துவருக்கு அந்தத் தாள்தானே சாட்சி? இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

ஒவ்வாமை மருத்துவர்தான் நான் சொன்னதை நம்பினார். அவர் செய்தது ஊசிமுனைச் சோதனை. வெந்தயச் சாற்றை முன்கையில் ஒரு சொட்டு வைத்து, அதன் மேல் லேசாகக் குத்தினார். பதினைந்து நிமிடத்தில் கொசுக்கடிபோலப் பெரிய தடிப்பு எழும்பியது. கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வைத்த இடங்கள் சும்மா இருந்தன. 1997-இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையைப் பற்றியும் அவர் சொன்னார். பொடுகுக்காக வெந்தய விழுதைத் தலையில் பூசிய ஆஸ்துமா நோயாளி ஒருவருக்குத் தலை மரத்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்ததாக அதில் பதிவாகியிருக்கிறது. என் கதையை யாரோ எனக்கு முன்பே எழுதிவைத்தது போல இருந்தது. வெந்தயம் பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாது.

அப்படியானால் என் மணிக்கட்டுச் சோதனை ஏன் ஏமாற்றியது? அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். இத்தகைய உடனடி ஒவ்வாமையைத் தூண்டுவது வெந்தயத்தில் உள்ள புரதம். புரதம் எண்ணெயில் கரைவதில்லை, ஊறவைத்த விழுதில்தான் நிறைய இருக்கும். நான் சோதித்தது எண்ணெயை, பூசியது விழுதை. பெயர் ஒன்றாக இருந்தாலும் தோலுக்கு அவை இரண்டும் வெவ்வேறு பொருட்கள். அடுத்தது, மணிக்கட்டுத் தோல் முழுமையாக இருந்தது. உச்சந்தலையோ சொறிந்து சொறிந்து புண்ணாகிக் கதவு திறந்து கிடந்தது.

இருபது நிமிடச் சோதனையில் எல்லோருக்கும் பொதுவான இன்னொரு குறையும் உண்டு. அதனால் உடனடி ஒவ்வாமையை மட்டுமே பிடிக்க முடியும். தாமதமாக வரும் தோல் அழற்சி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சிவந்து, பொரிந்து, அரிக்கத் தொடங்கும். அதனால்தான் மருத்துவர்கள் செய்யும் பேட்ச் டெஸ்டில் முதுகில் ஒட்டியதை இரண்டு நாள் அப்படியே விட்டு, எடுத்த பிறகும் மீண்டும் இரண்டு நாள் கழித்து ஒரு முறை பார்க்கிறார்கள். தலையில் பூசியது ஒத்துக்கொள்ளாவிட்டால் தலைத் தோலைவிட இமை, காதின் பின்புறம், கழுத்து ஆகிய மெல்லிய இடங்களில்தான் முதலில் தெரியும். கண் ஓரம் சிவந்தால் கண் மையின் மேல் பழி போட்டுவிடாதீர்கள்.

உங்களுக்கு ஆஸ்துமாவோ கடலை, பயறு ஒவ்வாமையோ இருந்தால் வெந்தயத்தை வீட்டில் சோதிக்கவே வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள். ஒரே ஒரு பொருளை எடுத்து, தலையில் பூசப்போகும் அதே பக்குவத்தில் அன்றன்று புதிதாக அரைத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்த வெந்தயம் சீக்கிரம் புளிக்கும், நேற்றைய மிச்சம் வேண்டாம். முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, உட்புறத்தில், நாணய அளவு இடத்தில் தடவுங்கள். முதல் முறை பதினைந்து நிமிடத்தில் கழுவிவிட்டு, ஒரு மணி நேரம் கவனியுங்கள். வீட்டில் யாராவது கூட இருக்கட்டும். தடிப்போ அரிப்போ வந்தால் அந்தப் பொருளை அத்தோடு விட்டுவிடுங்கள். உதடோ இமையோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும் அவசரச் சிகிச்சைதான், காத்திருக்காதீர்கள்.

அந்த ஒரு மணி நேரம் அமைதியாகக் கழிந்தால், அதே இடத்தில் நாளுக்கு இரண்டு முறை, தலையில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவுங்கள். ஏழு முதல் பத்து நாட்கள் தொடருங்கள். இடையில் சிவப்பும் சிறு பொரிகளும் அரிப்பும் சேர்ந்து வந்தால் நிறுத்திவிடுங்கள். இந்த நாட்களில் அலர்ஜி மாத்திரை சாப்பிட்டாலோ, அந்த இடத்தில் ஸ்டீராய்டு களிம்பு தடவினாலோ சோதனை பொய் சொல்லும். மூன்று பொருளுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மூன்றையும் கலந்து சோதித்தால் சிவந்தது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. இத்தனையும் தேறினாலும், தலையில் புண்ணோ கீறலோ இருக்கும்போது பூசக்கூடாது. முன்பு ஒத்துக்கொண்ட பொருள் பல முறை பட்டபின் ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு.

இனி பலன் உண்டா என்ற கேள்வி. முடி வளரும் என்பதற்கு மனிதர்களிடம் செய்த நல்ல ஆதாரம் இந்த மூன்றுக்கும் இல்லை. செம்பருத்திக்காக எல்லோரும் காட்டும் 2003 ஆய்வு எலிகளின் மேல் செய்தது. இலையையும் பூவையும் பெட்ரோலியம் ஈதரில் ஊறவைத்து எடுத்த சாற்றைப் பூசினார்கள், அதில் பூவைவிட இலை நன்றாக வேலை செய்தது. அந்தக் கரைப்பான் இழுத்தெடுக்கும் பொருட்களும், நாம் தண்ணீர் விட்டு அரைக்கும் விழுதில் இருப்பவையும் ஒன்றல்ல. வெந்தயத்துக்கு மனிதர்களிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு, ஆனால் அதில் வேறு சத்துகளும் சேர்த்து வாய்வழியாகக் கொடுத்தார்கள். தலையில் பூசுவதற்கு அதைச் சாட்சியாக்க முடியாது. கறிவேப்பிலை நரையைக் கறுக்க வைக்கும் என்பதற்கு அந்த அளவுகூட இல்லை.

ஒன்று மட்டும் உண்மை. வெந்தயத்திலும் செம்பருத்தி இலையிலும் உள்ள வழவழப்பு முடியின் மேல் மெல்லிய படலமாகப் படியும். சீப்பு வழுக்கிக்கொண்டு போகும், சிக்கு குறையும், முடி அறுவது குறையும். தேங்காய் எண்ணெய் முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வகச் சான்றும் உண்டு. காய்ச்சிய எண்ணெயில் கிடைத்த பலனில் எவ்வளவு இலைகளுடையது, எவ்வளவு வெறும் எண்ணெயுடையது என்று நானே பல நாள் யோசித்திருக்கிறேன்.

உங்கள் முடி எந்த வகையில் போகிறது என்று நீங்களே பார்க்கலாம். உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது, இல்லாவிட்டால் நடுவில் அறுந்தது. அறுந்த முடிக்குத்தான் இந்த வழவழப்பு உதவும். பிரசவத்துக்குப் பின் கொட்டுவது பெரும்பாலும் குமிழோடு வரும். கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கியிருந்த முடிகள் இரண்டு முதல் நான்கு மாதத்தில் ஒன்றாக உதிர்கின்றன, நீங்கள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். அது தானாகவே நிற்கும். நிற்கும் சமயத்தில் தலையில் எதைப் பூசியிருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். என் காய்ச்சலுக்குப் பின் கொட்டிய முடியும் ஆறாம் மாதம் நின்றது, அப்போது நான் எதையும் பூசவில்லை.

குழந்தையின் முதல் பிறந்த நாள் தாண்டியும் கொட்டிக்கொண்டே இருந்தாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, தைராய்டும் இரும்புச்சத்துக்கான ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லித் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை செம்பருத்தி இலையிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள். வெந்தயம் கடைசியில் வரட்டும்.