வாக்கை மீறினாலும் அதன் பாரம் போவதில்லை

கேள்வி: பள்ளி வேன் ஓட்டும் நண்பன் தனக்கு அவ்வப்போது வலிப்பு வருவதாகச் சொன்னான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே வாக்கு வாங்கிக்கொண்டான். வாக்கைக் காப்பதா, குழந்தைகளைக் காப்பதா? தத்துவவாதி டபிள்யூ. டி. ராஸ் சொன்ன முதல் நோக்குக் கடமைகள் இதற்கு உதவுமா?

உதவும். ஆனால் எந்தக் கடமை பெரியது என்று பார்க்கும் தரவரிசைப் பட்டியலை ராஸிடம் தேடாதீர்கள். வாக்கைக் காத்தல், தீங்கு செய்யாமை, பிறருக்கு நன்மை செய்தல் என்று ஏழு கடமைகளை 1930-இல் அவர் எண்ணினார். ஒவ்வொன்றும் வேறு கடமை குறுக்கிடாதவரை கட்டுப்படுத்தும். குறுக்கிட்டால், எது அழுத்தமானது என்பதை அந்தச் சூழலின் விவரங்களைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.

உங்கள் விஷயத்தில் விவரங்கள் தெளிவாகவே இருக்கின்றன. வலிப்பு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. ஓட்டும்போது வந்தால் உயிர் போகலாம். ஆபத்தில் இருப்பவர்களுக்கோ அது தெரியவே தெரியாது. இதன் முன் உங்கள் வாக்கு நிற்காது. சொல்லத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் பலர், "தவறான காரியத்துக்கு வாங்கிய வாக்கு வாக்கே அல்ல" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. ராஸின் பார்வையில், தோற்றுப்போன கடமை மறைந்துபோவதில்லை. வாக்கை மீறுவது சரியாக இருக்கும்போதும், வாக்கைப் பெற்றவருக்கு ஏதாவது ஈடுசெய்யும் கடமை மிஞ்சுகிறது என்றார் அவர். எப்படி மீறுவது என்பதை முடிவு செய்வது இந்த மிச்சம்தான்.

ஆகவே முதலில் அவரிடமே பேசுங்கள். "நீயே வண்டியை நிறுத்திவிட்டு நிர்வாகத்திடம் சொல், இல்லாவிட்டால் நான் சொல்வேன்" என்று நேராகச் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொண்டு ஓட்டுவதை நிறுத்திவிட்டால் நீங்கள் வாக்கை மீறவே தேவையில்லை. மறுத்தால், அடுத்த முறை அவர் வண்டியை எடுப்பதற்கு முன், அதைத் தடுக்கக்கூடிய ஒருவரிடம் மட்டும், அதற்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள். மற்ற நண்பர்களிடம் வேண்டாம். பிறகு மருத்துவம் பார்க்கவும் வேறு வேலை தேடவும் துணை நில்லுங்கள். வாக்கு செல்லாது என்று முடிவு கட்டியவருக்கு இதில் எதையும் செய்யக் காரணமே இருக்காது.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கூடுதல் நன்மை வருகிறது என்பதற்காக மட்டும் வாக்கை மீறலாம் என்று ராஸ் ஒப்புக்கொள்ளவில்லை. காத்தால் ஒருவருக்கு 1000 அலகு நன்மை, மீறினால் இன்னொருவருக்கு 1001 அலகு என்றால், அந்த ஓர் அலகுக்காக மீறுவதைக் கடமை என்று சொல்வோமா என்று கேட்டார். உங்கள் நண்பர் சொன்ன ரகசியம், வேலையை விடப்போகிறார் என்பதாக மட்டும் இருந்திருந்தால், மாற்று ஓட்டுநரைத் தேட நிர்வாகம் கொஞ்சம் திண்டாடும் என்பது வாயைத் திறக்கப் போதுமான காரணம் ஆகாது.