முதலில் டியூ தேதி, அப்புறம்தான் ஆட்டோபே

கேள்வி: பாண்டியில் வேலை, சம்பளம் 1ஆம் தேதி. கிரெடிட் கார்டு டியூ 26ஆம் தேதி. மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்காது என்பதால் ஆட்டோபேயை மினிமத்துக்கு மட்டும் போட்டிருக்கிறேன். இது போதுமா, முழுத்தொகைக்கு மாற்றணுமா?

மாற்றுங்கள். ஆனால் இன்றைக்கே மாற்றினால் மாதக் கடைசியில் பணம் இல்லாமல் ஆட்டோபே திரும்பிவிடும். டியூ தேதியைச் சம்பளத்துக்குப் பின்னால் கொண்டுவந்த பிறகு மாற்றுங்கள். இந்த இரண்டு விஷயத்திலும் நான் தனித்தனியாக அடி வாங்கியவன்.

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை பாண்டியில். சம்பளம் 1ஆம் தேதி, முதல் கார்டின் டியூ 26, ஆட்டோபே மினிமத்துக்கு. அப்படியே உங்கள் கதைதான். மே 20 அன்று 12,000 ரூபாய்க்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். ஜூன் 6 பில் வந்தது, ஜூன் 26 மினிமம் 600 ரூபாய் கழிந்தது. 'பணம் பெறப்பட்டது, நன்றி' என்று மெசேஜும் வந்ததால் பில் முடிந்தது என்றே நினைத்துக்கொண்டேன். ஜூலை 6 பில்லில் வட்டியும் ஜிஎஸ்டியுமாக 758 ரூபாய் ஏறியிருந்தது. கட்டியது 600, ஏறியது 758.

கணக்கு இதுதான். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. முழுத்தொகை கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் என்பதே போய்விடுகிறது. டியூ தேதியிலிருந்து இல்லை, பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. மே 20 முதல் ஜூன் 26 வரை 37 நாளுக்கு 12,000 மீது 511 ரூபாய். அதன்பின் 10 நாளுக்கு மீதி 11,400 மீது 131. மொத்தம் 642, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 116. ஜூலை 26 பாக்கி முழுவதையும் கட்டினேன். ஆனாலும் ஆகஸ்ட் பில்லில் இன்னொரு 310 ரூபாய் நின்றது. ஜூலை 6க்கும் 26க்கும் நடுவில் ஓடிய வட்டியும் அதற்கான ஜிஎஸ்டியும் அது. நல்லவேளையாக அந்த இரண்டு மாதமும் கார்டை எதற்கும் தேய்க்கவில்லை. தேய்த்திருந்தால் மளிகைச் சாமானுக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி விழுந்திருக்கும்.

மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபில் கெடாது, அவ்வளவுதான்.

சரி, டியூ தேதியை எப்படி நகர்த்துவது? நேரடியாக நகர்த்த முடியாது. பில் போடும் தேதியை நகர்த்தினால் டியூ தானாக நகரும், ஏனென்றால் பில் வந்து 18 அல்லது 20 நாளில் டியூ என்பது பெரும்பாலான வங்கிகளின் வழக்கம். பில்லிங் சைக்கிளை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆப்பிலேயே சர்வீஸ் ரிக்வெஸ்ட்டில் இருக்கும், இல்லையென்றால் கஸ்டமர் கேரில் கேளுங்கள். சில வங்கிகள் குறிப்பிட்ட சில தேதிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க விடும்.

அந்த ஒரு வாய்ப்பை நான் வீணடித்தேன். சம்பளம் வந்த கையோடு கழியட்டும் என்று பில்லை 14ஆம் தேதிக்கு மாற்றினேன், டியூ 3 அல்லது 4 ஆனது. ஆட்டோபேயை முழுத்தொகைக்குப் போட்டு நிம்மதியாக இருந்தேன். 2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழன். மறுநாள் நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். எங்கள் கம்பெனி இருப்பது பாண்டியில், அதனால் லீவு. அடுத்தது சனி, ஞாயிறு. தீபாவளிக்கு முன்பே சம்பளம் போடுவார்கள் என்று எல்லாரும் நம்பியிருந்தோம். போட்டது 4ஆம் தேதி திங்கள். என் டியூ 3, ஞாயிறு. ஞாயிறுதானே, வங்கி லீவு என்று இருந்துவிட்டேன். ஆனால் வங்கிகளுக்கிடையே பணம் கழிக்கும் நாச் ஆட்டோபே 2021 ஆகஸ்டிலிருந்து ஞாயிறும் லீவு நாளும் பார்க்காமல் ஓடுகிறது. கணக்கில் 2,000 சொச்சம்தான், திரும்பிவிட்டது. சம்பள வங்கி ஒரு அபராதம், கார்டு வங்கி ஒரு அபராதம், சேர்த்து ஆயிரத்தைத் தாண்டியது.

திங்களன்று சம்பளம் வந்ததும் கையால் கட்டினேன். டியூ முடிந்து 3 நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபிலுக்குச் சொல்லலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது, அதனால் அந்த இரண்டும் தப்பின. அபராதம் தப்பவில்லை.

ஆகவே சம்பளத்துக்கும் டியூவுக்கும் நடுவில் ஒரு வாரம் விடுங்கள். உங்களுக்குச் சரியாக வருவது 18ஆம் தேதி பில். 20 நாள் கணக்கென்றால் ஏப்ரல் 18 பில்லுக்கு மே 8 டியூ, மார்ச் 18 பில்லுக்கு ஏப்ரல் 7, பிப்ரவரி 18 பில்லுக்கு மார்ச் 10. தேதி இப்படி ஆடத்தான் செய்யும். எந்த மாதமானாலும் சம்பளம் இரண்டு மூன்று நாள் தள்ளினாலும் தாங்கும். அதற்காக 20ஆம் தேதி டியூ வரைக்கும் போகாதீர்கள், அதற்குள் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் பணத்தைத் தின்றுவிடும்.

என் மனைவியின் கார்டும் 6ஆம் தேதி பில்தான். அதை 18க்கு மாற்றினோம். மாறுகிற மாதம் மட்டும் கவனம் வேண்டும். சில வங்கிகள் நடுவில் 12 நாளுக்கு ஒரு குட்டி பில் போடும், சில வங்கிகள் ஒரேயடியாக நீட்டிவிடும். எங்களுக்கு நீட்டினார்கள்: ஒன்றரை மாதச் செலவு ஒரே பில்லில் வந்து, வழக்கமான 14,000 அந்த மாதம் 20,000 ஆனது. கையில் அந்தக் கூடுதல் பணம் இருக்கிற மாதமாகப் பார்த்து மாற்றுங்கள்.

அப்புறம் ஆட்டோபே. Minimum Amount Due, Total Amount Due என்று இரண்டு கேட்கும், இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். கார்டு வங்கியிலேயே சம்பளக் கணக்கும் இருந்தால் வேலை அத்தோடு முடிந்தது. வேறு வங்கி என்றால் மேண்டேட் போட வேண்டும், அதில் உச்சத்தொகை என்று ஒரு கட்டம் வரும். அங்கே 10,000 என்று போட்டுவிட்டால் 14,000 பில் வருகிற மாதம் கழியாமல் நின்றுவிடும். கார்டு லிமிட் எவ்வளவோ அதையே போடுங்கள். அந்தத் தொகை கழியாது, அதுவரை கழிக்கலாம் என்கிற அனுமதி மட்டும்தான்.

பெரும்பாலும் மேண்டேட் பதிந்த பிறகு வருகிற பில்லிலிருந்துதான் ஆட்டோபே வேலை செய்யும். ஏற்கெனவே கையில் இருக்கும் பில்லைக் கையால் கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு டியூவுக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் கையால் கட்டாதீர்கள். நாச் கோரிக்கை அதற்குள் கிளம்பியிருக்கும், இரண்டு தடவை கழியும். பணம் தொலையாது, கார்டில் வரவாக நிற்கும், ஆனால் அந்த மாதம் பால்காரருக்குக் கொடுக்க இருக்காது. கழிந்த பணம் கார்டில் வரவாகத் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். டியூ அன்று சாயங்காலம் ஆப்பைத் திறந்து 'இன்னும் பாக்கி காட்டுகிறதே' என்று மறுபடி கட்டுவதும் இதே தப்புதான். என் மனைவி முதல் மாதமே அதைச் செய்தாள்.