ஜீனோகிராமில் பதற்றத்தின் தடம்

அம்மாவுக்கும் பாட்டிக்கும் பதற்றம் உண்டு. சிகிச்சையாளர், குடும்ப உறவுகளைத் தலைமுறை வாரியாகக் காட்டும் வரைபடமான ஜீனோகிராமை வரையலாம் என்கிறார். அதில் என்ன தெரியும்?

மூன்று தலைமுறைகளை வரைவார்கள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், அளவுமீறிய நெருக்கத்துக்கு மூன்று இணைகோடுகள். ஆனால் கண்ணைத் திறப்பது பெரும்பாலும் வயதும் ஆண்டும்தான்.

ஒரு கற்பனைக் குடும்பம். 1971இல் தாத்தா திடீரென இறக்கிறார். மகளுக்கு 9 வயது. பாட்டி அவளைக் கண்பார்வையிலிருந்து விலக விடவில்லை. பின்னாளில் அவளுடைய மகனுக்கும் 9 வயதாகிறது. பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிற்றுவலி. பாட்டிக்கும் அம்மாவுக்கும் இடையே இருந்த அதே மூன்று கோடுகள் இப்போது அம்மாவுக்கும் மகனுக்கும் இடையே.

"யாருக்குப் பதற்றம்?" என்று கேட்டால் எல்லார்மீதும் முத்திரைதான் விழும். "ஒருவர் பயந்தபோது மற்றவர்கள் என்ன செய்தார்கள்?" என்றே கேட்க வேண்டும். வயது பொருந்துவதால் மட்டும் காரணம் உறுதியாகிவிடாது. மரபணுவும் அதே தலைமுறைகள் வழியாகத்தான் இறங்குகிறது.